டிஎஸ்எச் ஏறியிருந்தால் தைராய்டு அதிகமா, குறைவா?

எங்கள் லேபில் ரிப்போர்ட் வாங்க வருகிறவர்கள் ஜன்னலோரம் நின்றபடியே கேட்கும் கேள்விகளில் இதுதான் அதிகம்: "டாக்டர் தைராய்டு கம்மின்னு சொன்னார். இதுல அதிகம்னு தடிமனா அடிச்சிருக்கே, எது சரி?" இரண்டுமே சரி. ஆனால் அதை அரை நிமிடத்தில் புரியவைக்க முடியாது. புரியாமல் போகிறவர்களில் சிலர், "எனக்குத் தைராய்டு அதிகமாயிடுச்சு, மாத்திரையைக் குறைக்கணும்" என்று தாங்களாகவே பாதி மாத்திரை போட ஆரம்பித்துவிடுவார்கள். என் அக்காவுக்கே தைராய்டு குறைவாகச் சுரக்கும் ஹைப்போதைராய்டு வந்து, முதல் ரிப்போர்ட்டிலிருந்து அவளோடு கூடவே இருந்து பார்த்தபின், இதை விரிவாக எழுத வேண்டும் என்று தோன்றியது. நான் லேப் டெக்னீஷியன்தான். மருந்தளவை முடிவுசெய்வது டாக்டர். ரிப்போர்ட்டில் இருக்கும் எண்கள் ஏன் அப்படி நடந்துகொள்கின்றன என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் தெரிய வேண்டியது, டிஎஸ்எச் என்பது தைராய்டு சுரக்கும் ஹார்மோனே இல்லை. அது மூளைக்குக் கீழே பட்டாணி அளவில் தொங்கும் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வருவது. அதற்கும் மேலே ஹைப்போதலாமஸ் இருக்கிறது. மூன்றே அமினோ அமிலங்கள் கொண்ட டிஆர்எச் என்ற சின்ன ஹார்மோனை, மெல்லிய ரத்தக்குழாய்கள் வழியாக ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரிக்கு அனுப்புகிறது. பிட்யூட்டரி அதைக் கேட்டு டிஎஸ்எச்சை ரத்தத்தில் விடுகிறது. டிஎஸ்எச் கழுத்துக்கு வந்து, "அயோடினை உள்ளே இழு, ஹார்மோன் செய்து வெளியே விடு" என்று தைராய்டைத் தூண்டுகிறது. தைராய்டு பெரும்பாலும் தைராக்சின் எனப்படும் டி4, கொஞ்சம் டி3 என்று சுரக்கிறது. செல்களுக்குள் உண்மையில் வேலை செய்வது டி3. உடம்பில் ஒரு நாளில் உண்டாகும் டி3யில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு, ஈரல், சிறுநீரகம், தசை போன்ற இடங்களில் டி4 மாறுவதால் வருவது.

இனிமேல்தான் முக்கியமான இடம். ரத்தத்தில் சுற்றும் டி4 மேலேயும் போகிறது. பிட்யூட்டரி செல்கள் அதை உள்ளே வாங்கி அங்கேயே டி3யாக மாற்றுகின்றன. அந்த டி3 செல்லின் கருவுக்குள் போய், டிஎஸ்எச் செய்யும் மரபணுவை அமுக்கிவைக்கிறது. ஹைப்போதலாமஸில் டிஆர்எச்சுக்கும் இதே கதிதான். ஹார்மோன் போதுமான அளவு இருந்தால் டிஎஸ்எச் அடங்கியிருக்கும். ஹார்மோன் குறைந்தால் அமுக்கும் கை விலகி டிஎஸ்எச் எழும்பும். பிளஸ் டூ பாடத்தில் எதிர்மறைப் பின்னூட்டம் என்று படித்தது இதுதான். காது மந்தமானவரிடம் நாம் குரலை உயர்த்திப் பேசுகிறோம் அல்லவா, டிஎஸ்எச் அந்தக் குரல் மாதிரி. குரல் பலமாகக் கேட்கிறது என்றால் எதிரில் இருப்பவருக்குக் காது நன்றாகக் கேட்கிறது என்று அர்த்தமாகாது.

அக்காவுக்கு அப்போது 41 வயது, எடை 62 கிலோ. ஒரு வருடமாகவே மலச்சிக்கல், தலைமுடி கொட்டுதல், மார்கழி போனபிறகும் போர்வையை விடாத குளிர். குரல் கட்டிப்போய், போனில் பேசினால் சளி பிடித்தவள் மாதிரி இருந்தாள். மாதவிலக்கு தாறுமாறாகி, வந்தால் ரத்தப்போக்கு அதிகம் என்று மகப்பேறு மருத்துவரிடம் போனபோதுதான் ரத்தப் பரிசோதனை எழுதினார்கள். டிஎஸ்எச் 48. எங்கள் லேபின் எல்லை 0.4 முதல் 4.2 வரை. ரத்தப் புரதங்களோடு ஒட்டாமல் தனியாகச் சுற்றும் டி4ஐ ஃப்ரீ டி4 என்போம்; அது 0.5, 0.9க்குக் குறையக்கூடாது. டிபிஓ எதிர்ப்பொருளும் மிக அதிகம். அதாவது அவளுடைய நோய் எதிர்ப்பு மண்டலமே தைராய்டைத் தாக்கிக்கொண்டிருந்தது. ஹாஷிமோட்டோ என்பார்கள்.

"ஏன்டி, 48ஆ? இது நாலு தானே இருக்கணும். அப்ப எனக்கு ரொம்ப அதிகமா சுரக்குதா?" என்றாள்.

"இல்லக்கா, கீழ இருக்கிற ஃப்ரீ டி4ஐப் பாரு. அதுதான் உன் தைராய்டு தர்றது. பாதிக்குப் பாதி குறைஞ்சிருக்கு. அது தரலைன்னுதான் மேல இருந்து விரட்டுறாங்க."

இந்த இரண்டு எண்களும் ஒரே வேகத்தில் நகர்வதில்லை. ஃப்ரீ டி4 பாதியாகக் குறைந்தால் டிஎஸ்எச் இரண்டு மடங்கு ஏறும் என்று நினைக்கத் தோன்றும். பாடப்புத்தகக் கணக்கில் அது நூறு மடங்கு வரை ஏறும். ஆளுக்கு ஆள் இது வேறுபடும் என்றாலும், டி4இன் சிறு சரிவை டிஎஸ்எச் பல மடங்காகப் பெருக்கிக் காட்டுகிறது என்பது மாறாது. டாக்டர்கள் முதலில் டிஎஸ்எச்சை மட்டும் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் இதுதான். ஒருவருக்கு இயல்பான ஃப்ரீ டி4 1.4 என்று வைத்துக்கொள்வோம். அது 1.0க்கு இறங்கினால் லேபின் எல்லைக்குள்தான் இருக்கிறது; நாங்கள் தடிமனாக அடிக்க மாட்டோம். ஆனால் அவருடைய பிட்யூட்டரிக்கு லேபின் எல்லை தெரியாது, அவருடைய 1.4 தெரியும். டிஎஸ்எச் 7க்குப் போயிருக்கும். இதைத்தான் ரிப்போர்ட்டில் சப்கிளினிக்கல் என்கிறார்கள். ஒரு தடவை 6, 7 என்று வந்ததும் ஆயுளுக்கும் மாத்திரை என்று பயந்துவிடக்கூடாது. இரண்டு மூன்று மாதம் விட்டுத் திரும்பப் பார்த்தால் பலருக்குத் தானாகவே இறங்கியிருக்கும். 10ஐத் தாண்டினாலோ, குழந்தைக்கு முயற்சி செய்பவராக இருந்தாலோ கதை வேறு.

அக்கா ரிப்போர்ட்டில் இன்னும் இரண்டு விஷயங்கள் இருந்தன. ஒன்று டி3. அது 98. எல்லைக்குள் நன்றாகவே இருந்தது. "டி3 நார்மல்னா பாதி நோய்தானா?" என்று அத்தான் கேட்டார். இல்லை. தைராய்டு தளரும்போது உடம்பு டி3யைக் கடைசிவரை காப்பாற்றப் பார்க்கும். ஓங்கி நிற்கும் டிஎஸ்எச், தைராய்டு சுரப்பதில் டி3யின் பங்கை வழக்கத்தைவிடக் கூட்டுகிறது. மூளை, பிட்யூட்டரி போன்ற இடங்களில் டி4ஐ டி3யாக மாற்றும் என்சைமும், டி4 குறையக் குறைய வேகம் கூட்டுகிறது. அதனால் ஹைப்போதைராய்டில் கடைசியாக விழும் எண் டி3. இதைக் கண்டுபிடிக்க டி3 உதவாது. டி3 நார்மலாக இருப்பதில் ஆறுதல் கொள்ளவும் ஒன்றுமில்லை. பேக்கேஜ் டெஸ்டில் டி3 சேர்ந்தே வருவதால் எல்லாரும் அதைப் பார்த்துக் குழம்புகிறார்கள் என்பது என் மனக்குறை.

இன்னொன்று புரோலாக்டின், 41. பால் சுரக்க வைக்கும் ஹார்மோன் அது. இருக்க வேண்டியது 25க்குள். அதைப் பார்த்ததும் பிட்யூட்டரியில் கட்டியாக இருக்குமோ என்று வீட்டில் ஒரே கலக்கம். ஆனால் எங்கள் ஊர் பொதுமருத்துவர் டிஎஸ்எச்சைப் பார்த்துவிட்டு, "இதுக்குத் தனி மாத்திரை இப்ப வேண்டாம், ஸ்கேனும் வேண்டாம். தைராய்டு சரியான பிறகு திரும்பப் பார்ப்போம்" என்றார். காரணம் அதே பின்னூட்டம்தான். டி4 குறைந்ததும் ஹைப்போதலாமஸ் டிஆர்எச்சை அதிகமாக விடுகிறது. டிஆர்எச் டிஎஸ்எச்சை மட்டும் தூண்டுவதில்லை. பக்கத்திலேயே இருக்கும் புரோலாக்டின் செல்களையும் தட்டி எழுப்பிவிடும். அக்காவின் மாதவிலக்குக் கோளாறுக்கு இதுவும் ஒரு பங்கு. நீண்ட நாள் கவனிக்காமல் விட்டால் டிஎஸ்எச் செய்யும் செல்களே பெருகி, ஸ்கேனில் பிட்யூட்டரி வீங்கித் தெரியும். தைராக்சின் கொடுத்தாலே அது சுருங்கிவிடும். கழுத்தில் தைராய்டு வீங்குவதற்கும், டிஎஸ்எச் ஓயாமல் தூண்டுவது ஒரு காரணம். நான்கு மாதம் கழித்து அக்காவின் புரோலாக்டினைப் பார்த்தபோது 14 என்று வந்தது. தனி மாத்திரை எதுவும் போடவில்லை.

சிகிச்சை என்பது தைராய்டு தராத டி4ஐ வாய்வழியாகக் கொடுப்பதுதான். சுரப்பி ஏறக்குறைய ஓய்ந்துவிட்ட பெரியவர்களுக்கு, கிலோ ஒன்றுக்கு 1.6 மைக்ரோகிராம் என்பது வழக்கமான கணக்கு. 62ஐ 1.6ஆல் பெருக்கினால் 99; டாக்டர் 100 மைக்ரோகிராம் எழுதினார். வயதானவர், இதய நோய் உள்ளவர் என்றால் 25இல் தொடங்கி மெல்ல ஏற்றுவார்கள். அடுத்த டெஸ்ட் ஆறு முதல் எட்டு வாரம் கழித்து என்று சீட்டில் எழுதியிருந்தது.

அக்காவால் அதுவரை பொறுக்க முடியவில்லை. மூன்றாவது வாரமே லேபுக்கு வந்து கையை நீட்டினாள். ஃப்ரீ டி4 1.2, டிஎஸ்எச் 19.

"பாத்தியா, மாத்திரை வேலை செய்யல. 125 கேக்கட்டுமா?"

அந்த ரிப்போர்ட்டுக்கு உண்மையில் அர்த்தமே வேறு. டி4 ரத்தத்தில் பாதியாகக் குறைய ஏழு நாள் பிடிக்கும். தினமும் ஒரே அளவு விழுங்கினால், அது ஏறி ஒரு நிலைக்கு வர ஐந்து வாரம்போல ஆகும். மூன்று வாரத்தில் பெரும்பகுதி ஏறிவிட்டது, 1.2 அதைத்தான் காட்டுகிறது. ஆனால் பிட்யூட்டரி மாதக்கணக்கில் பட்டினி கிடந்த செல்களின் கூட்டம். டி4 வந்துவிட்டது என்பதை அது உடனே ஏற்றுக்கொள்ளாது. டிஎஸ்எச் ரத்தத்தில் பாதியாகக் குறையச் சுமார் ஒரு மணி நேரம்தான் ஆகும். ஆகவே 19 என்பது பழைய டிஎஸ்எச் ரத்தத்தில் தேங்கியிருப்பதால் வந்த எண் இல்லை. அந்தச் செல்கள் வேகம் குறைந்தாலும் இன்னும் தேவைக்கு மேல் சுரந்துகொண்டிருக்கின்றன. அடங்க வாரங்கள் ஆகும். அந்த 19ஐ நம்பி 125 ஆக்கியிருந்தால், எட்டாவது வாரத்தில் டிஎஸ்எச் தேவைக்குக் கீழே போய், படபடப்பும் தூக்கமின்மையும் வந்திருக்கலாம். அப்புறம் குறைப்பது, மறுபடி ஏறுவது என்று ஊஞ்சல் ஆட்டம். டாக்டர் டோஸை மாற்றவில்லை. எட்டாவது வாரம் ஃப்ரீ டி4 1.3, டிஎஸ்எச் 3.1. குரல் அதற்குள் தெளிந்திருந்தது. தலைமுடி மட்டும் இன்னும் சில மாதம் எடுத்துக்கொண்டது.

அந்த வேக வித்தியாசம் தெரிந்துவிட்டால் லேபில் வரும் இன்னொரு விதமான ரிப்போர்ட்டும் புரியும். ஃப்ரீ டி4 1.5, கொஞ்சம் தாராளமாகவே இருக்கும். டிஎஸ்எச் 20க்கு மேல். இரண்டும் ஒன்றுக்கொன்று முரண். பெரும்பாலும் நடந்திருப்பது இதுதான்: மாதக்கணக்கில் மாத்திரையை விட்டுவிட்டு, டெஸ்ட் தேதி நெருங்கியதும் ஒரு வாரம் ஒழுங்காகப் போட்டிருப்பார்கள். டி4 கடைசி நாட்களைக் காட்டுகிறது, டிஎஸ்எச் கடந்த வாரங்களைக் காட்டுகிறது. இதில் யாரையும் திட்ட ஒன்றுமில்லை. டாக்டரிடம் உண்மையைச் சொன்னால் போதும். சொல்லாவிட்டால் டோஸ் ஏற்றப்படும், அதன்பிறகு ஒழுங்காகப் போட ஆரம்பித்தால் அளவு மிஞ்சிப்போகும். ஒரு நாள் மறந்துவிட்டால், இதய நோய் இல்லாதவர்கள் மறுநாள் இரண்டாகப் போட்டுக்கொள்ளலாம் என்று பல டாக்டர்கள் சொல்வதும் அந்த ஏழு நாள் கணக்கை வைத்துத்தான்.

அடுத்த வருடம் அக்காவுக்கு டிஎஸ்எச் 11க்கு ஏறியது. ஒரு நாளும் மாத்திரை தவறவில்லை என்று சத்தியம் செய்தாள், அது உண்மையும்கூட. நோய் முற்றிவிட்டதோ என்று பயந்தாள். என்னவெல்லாம் சாப்பிடுகிறாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்டபோது வெளிவந்தது: பழைய ரத்தப்போக்கினால் ஹீமோகுளோபின் குறைந்து இரும்புச்சத்து மாத்திரை எழுதியிருக்கிறார்கள். காலை மாத்திரையெல்லாம் ஒன்றாக இருக்கட்டும் என்று இரண்டையும் ஒரே வாய்த் தண்ணீரில் விழுங்கியிருக்கிறாள். இரும்பு குடலிலேயே தைராக்சினைப் பிடித்துக்கொள்ளும். கால்சியமும் அப்படித்தான். வாய்க்குள் போனது 100, ரத்தத்துக்குள் போனது அதைவிடக் குறைவு. பிட்யூட்டரிக்கு ரத்தத்தில் இருப்பதுதான் கணக்கு. டோஸை ஏற்றவில்லை. இரும்பு மாத்திரையை மதியச் சாப்பாட்டுக்குப் பின் மாற்றினார்கள். நடுவில் நான்கு மணி நேரமாவது இருக்க வேண்டும். இரண்டு மாதத்தில் டிஎஸ்எச் 2.8. நம் வீடுகளில் இன்னொரு எதிரி காலை ஃபில்டர் காபி. மாத்திரை போட்ட கையோடு டம்ளரை எடுத்தால் உறிஞ்சப்படுவது குறையும். அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் விட்டுக் குடிப்பது நல்லது. அது முடியாதவர்கள் ராத்திரி, சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்துப் போட்டுக்கொள்ள முடியுமா என்று டாக்டரைக் கேட்கலாம். எந்த நேரம் என்பதைவிடத் தினமும் ஒரே மாதிரி என்பதுதான் முக்கியம்.

டெஸ்ட் எடுக்கும் நேரமும் அப்படித்தான். டிஎஸ்எச் நள்ளிரவுக்கு மேல் உச்சத்துக்குப் போய், பகலில் இறங்கும். காலை ஏழு மணிக்கு 5 என்று வருபவருக்கு மாலையில் 3.5 வரலாம், எதுவுமே மாறாமல். எனவே அக்காவுக்கு எப்போதும் காலையில், அன்றைய மாத்திரை போடுவதற்கு முன்பே எடுப்பேன். மாத்திரை போட்ட இரண்டு மூன்று மணி நேரத்தில் ஃப்ரீ டி4 தற்காலிகமாக ஏறித் தெரியும்.

முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை போடுகிறவர்கள் நிறைய. பல மெஷின்கள் பயோட்டினை வைத்தே அளக்கும் முறையில் இயங்குகின்றன. ரத்தத்தில் பயோட்டின் மிதமிஞ்சி இருந்தால் அந்த மெஷின்களில் டிஎஸ்எச் பொய்யாகக் குறைந்தும், ஃப்ரீ டி4 பொய்யாக ஏறியும் வரும். பார்ப்பதற்கு மாத்திரை அதிகமானது போலவே இருக்கும். டெஸ்டுக்கு இரண்டு நாள் முன்பே நிறுத்திவிட்டு வரச் சொல்கிறோம். ரத்தம் எடுக்கும்போது ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

இவ்வளவு நேரம் சொன்னதெல்லாம், பிட்யூட்டரி நலமாக இருக்கிறது என்ற நம்பிக்கையில் நிற்பது. அது பழுதானால் டிஎஸ்எச்சை வைத்து எதையும் சொல்ல முடியாது. எங்கள் சித்தி விஷயத்தில் அதைப் பார்த்தேன். இரண்டாவது பிரசவத்தில் சித்திக்குப் பயங்கர ரத்தப்போக்கு. பிழைத்ததே பெரிது என்பார்கள். அந்தக் குழந்தைக்குத் தாய்ப்பால் சுரக்கவே இல்லை, அதன்பின் மாதவிலக்கும் வரவில்லை. பிறகு வருடக்கணக்காகச் சோர்வு, குறைந்த ரத்த அழுத்தம், அடிக்கடி மயக்கம், ரத்தத்தில் சோடியம் குறைவு. பல இடங்களில் டிஎஸ்எச் மட்டும் பார்த்தார்கள்; 2.6, 2.4 என்றே வந்தது. "தைராய்டு நார்மல்" என்று அனுப்பிவிட்டார்கள்.

கடைசியில் ஒரு டாக்டர், பால் சுரந்ததா என்ற ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டு ஃப்ரீ டி4ஐயும், பிட்யூட்டரி தூண்டினால் அட்ரீனல் சுரப்பி விடும் கார்ட்டிசால் என்ற ஹார்மோனையும் சேர்த்து எழுதினார். ஃப்ரீ டி4 0.4. கார்ட்டிசாலும் மிகக் குறைவு. பிரசவ ரத்தப்போக்கில் ரத்தம் போகாமல் பிட்யூட்டரி கருகிப்போயிருக்கிறது. ஷீஹன் சிண்ட்ரோம் என்று பெயர். ஃப்ரீ டி4 0.4 இருக்கும் உடம்பில் நல்ல பிட்யூட்டரி இருந்தால் டிஎஸ்எச் 50, 60 என்று கத்தியிருக்க வேண்டும். அந்த இடத்தில் 2.6 என்பதுதான் நோய். அந்தச் சேதமான சுரப்பி விடும் டிஎஸ்எச்சுக்கு வீரியமும் குறைவு. மெஷின் எண்ணிக்கொள்ளும், தைராய்டு மதிக்காது.

சித்திக்கு முதலில் கார்ட்டிசாலுக்கு ஈடாக ஸ்டீராய்டு கொடுத்து, அதன்பிறகே தைராக்சின் தொடங்கினார்கள். வரிசை மாறக்கூடாது. தைராக்சின் உடம்பின் வேகத்தைக் கூட்டி, இருக்கும் கொஞ்சநஞ்சக் கார்ட்டிசாலையும் விரைவாகக் கழித்துவிடும். ஆபத்தான மயக்கத்தில் கொண்டுபோய் விடலாம்.

சித்தியின் டோஸை இப்போது ஃப்ரீ டி4ஐ வைத்து மட்டுமே பார்க்கிறார்கள். அது எல்லையின் மேல் பாதியில் இருக்க வேண்டும் என்பது இலக்கு. மாத்திரை போடப் போட அவருடைய டிஎஸ்எச் 0.05க்குக் கீழே போய்விட்டது. போன வருடம் ஒரு முகாமில் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு, "தைராய்டு அதிகமாயிருக்கு, மாத்திரையைப் பாதியாக்குங்க" என்றார்கள். நல்லவேளை, ஃபைலின் முதல் பக்கத்தில் அவருடைய டாக்டர் சிவப்பு மையில் எழுதியிருந்ததைச் சித்தி எடுத்துக் காட்டினார்: பிட்யூட்டரி செயலிழப்பு, டிஎஸ்எச் பார்த்து டோஸ் மாற்ற வேண்டாம், ஃப்ரீ டி4 மட்டும் பார்க்கவும், ஸ்டீராய்டை ஒருபோதும் திடீரென நிறுத்த வேண்டாம். அந்தப் பக்கத்தை லேமினேட் செய்து பர்ஸில் வைத்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.